தாமதமாக வரும் ஹோட்டல் ஊழியருக்கு எச்சரிக்கைக் கடிதம்: பதிவேட்டைப் பார்ப்பதிலிருந்து கோப்பை மூடுவது வரை

மதுரை ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தங்கும் ஹோட்டல்களில் காலை ஆறு மணிதான் நாளின் மிக நெருக்கடியான நேரம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் அதிகாலை வந்து இறங்குபவர்கள் குளித்துவிட்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போக அறை கேட்டு வருவார்கள். அதே நேரத்தில் முதல் நாள் தங்கியவர்கள் காலிசெய்வார்கள். இரவு பத்து மணிக்கு வந்த ரிசப்ஷன்காரர், கல்லாப் பணத்தை எண்ணி ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதும் அப்போதுதான். காலை ஷிப்ட்டுக்கு வர வேண்டியவர் அரை மணி நேரம் பிந்தினால், அந்த அரை மணி நேரத்தை இரவுக்காரர்தான் தன் தூக்கத்திலிருந்து கொடுக்கிறார்.

முதல் தடவை முதலாளி முறைப்பார். இரண்டாம் தடவை ஆட்கள் முன்னால் சத்தம் போடுவார். நான்காம் தடவை, "ஒரு வார்னிங் லெட்டர் அடிச்சுக் குடுத்துடுப்பா" என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவார். மேனேஜரும் இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்து நீட்டுவார். அந்தக் கடிதத்தில் தேதி இருக்காது, நேரம் இருக்காது, கோபம் மட்டும் இருக்கும். வாங்கியவர் திருந்தவும் மாட்டார். பின்னால் விஷயம் தொழிலாளர் துறைக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் அந்தத் தாள் நிர்வாகத்துக்கு உதவவும் உதவாது.

அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை ஒரே ஒரு மாதிரிச் சூழலை வைத்துக் கடைசி வரை பார்ப்போம். டவுன் ஹால் ரோடு பக்கம் முப்பது அறைகள் கொண்ட ஒரு ஹோட்டல். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் ரிசப்ஷன் உதவியாளர், மூன்று வருடமாக வேலையில் இருப்பவர். ஷிப்ட் காலை 6 முதல் மதியம் 2 வரை. பத்து நிமிடச் சலுகை உண்டு. அதாவது 6.10 வரை வந்தால் தாமதக் குறி விழாது, அதைத் தாண்டினால் தாமதம் 6.00 மணியிலிருந்து கணக்காகும். 2026 பிப்ரவரியில் அவர் பெயருக்கு நேரே ஏழு தாமதக் குறிகள் விழுந்திருக்கின்றன. (சாப்பாட்டு ஹோட்டல் நடத்துபவர்களுக்கும் இதே முறைதான். ரிசப்ஷன் இருக்கும் இடத்தில் தோசைக்கல்லை வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் வேலை: ஏழு என்பது உண்மையிலேயே ஏழுதானா?

கடிதம் எழுத உட்காருவதற்கு முன் வருகைப் பதிவை ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது இங்கேதான். நம் ஆளின் பிப்ரவரி மாத விரல்ரேகை மெஷின் பதிவு இப்படி இருக்கிறது: 3-ஆம் தேதி 6.24, 6-ஆம் தேதி 6.35, 9-ஆம் தேதி 6.14, 12-ஆம் தேதி 6.40, 16-ஆம் தேதி 6.31, 20-ஆம் தேதி 6.28, 24-ஆம் தேதி 6.52.

இப்போது மெஷினுக்கு எதிரே நின்று உங்கள் செல்போனில் உள்ள நேரத்தைப் பாருங்கள். செல்போன் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்வதால் அதை நம்பலாம். சுவரில் மாட்டிய மெஷின்கள் அப்படியல்ல. இணைய இணைப்பு இல்லாமல் ஓடும் மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே பின்னே போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நம் ஹோட்டல் மெஷின் 6 நிமிடம் வேகமாக ஓடுகிறது. மாதத் தொடக்கத்தில் எத்தனை நிமிட வித்தியாசம் இருந்தது என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது என்பதால், எல்லாத் தேதிக்கும் முழு 6 நிமிடத்தையும் ஊழியருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். அப்போது 9-ஆம் தேதி 6.08 ஆகிவிடும். அது சலுகை நேரத்துக்குள் வருகிறது, ஆகவே அந்தத் தாமதம் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

அடுத்து, ஷிப்ட் பட்டியலை எடுத்து ஒவ்வொரு தாமதத்துக்கும் முதல் நாள் என்ன நடந்தது என்று பாருங்கள். 11-ஆம் தேதி இன்னொருவர் லீவு போட்டதால், இவரை மதியம் 2 முதல் இரவு 10 வரை வேலை செய்யச் சொல்லியிருக்கிறோம். அன்று கல்யாண கோஷ்டி ஒன்று வந்து இறங்கியதில் இரவு 11.30 வரை நிறுத்திவைத்திருக்கிறோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு வா என்றும் சொல்லியிருக்கிறோம். ஆறரை மணி நேர இடைவெளியில் திருமங்கலம் போய்த் தூங்கி எழுந்து வருவது எப்படி? அந்த 12-ஆம் தேதியைத் தாமதமாக எழுதினால், கடிதத்தைப் படிக்கும் யாருக்கும் தவறு யாருடையது என்று தெரிந்துவிடும். அதையும் நீக்குங்கள்.

மிச்சம் ஐந்து தேதிகள். மெஷின் பிழையைக் கழித்தபின் 3-ஆம் தேதி 6.18, 6-ஆம் தேதி 6.29, 16-ஆம் தேதி 6.25, 20-ஆம் தேதி 6.22, 24-ஆம் தேதி 6.46. ஆறு மணியிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 140 நிமிடம். இதற்கு இரண்டாவது சாட்சி ஒன்று வேண்டும். ரிசப்ஷனில் அது தானாகவே கிடைக்கும், ஷிப்ட் ஒப்படைப்பு நோட்டுதான். இரவுக்காரர் கல்லா இருப்பை எழுதிக் கையெழுத்திட்டு நேரம் போட்டிருப்பார். 24-ஆம் தேதிப் பக்கத்தில் "6.55" என்று இருந்தால், மெஷினும் நோட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இரண்டும் பொருந்தாத தேதி ஏதாவது இருந்தால் அதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். ஐந்து உறுதியான தேதிகளுக்கு நடுவே ஒரு சந்தேகத் தேதி இருந்தால், பேச்சு முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியே போகும்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அதே மாதத்தில் மற்றவர்களின் வருகை எப்படி? முதலாளியின் மைத்துனர் மகன் கேஷியராக இருந்து அவரும் ஆறு நாள் தாமதம் என்றால், அவருக்கும் இதே கடிதம் போக வேண்டும். போகாது என்றால் இவருக்கும் கொடுக்காதீர்கள். ஊழியர்கள் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக வைத்திருப்பார்கள்.

தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அப்புறம் மெமோ கொடுங்கள்

நம் ஹோட்டல்களில் மெமோ வேறு, எச்சரிக்கைக் கடிதம் வேறு. மெமோ என்பது விளக்கம் கேட்பது. எச்சரிக்கை என்பது விளக்கத்தைக் கேட்டபின் எடுத்த முடிவு. விளக்கம் கேட்காமல் நேராக எச்சரித்தால், தீர்ப்பை எழுதிவிட்டு வழக்கு நடத்தியது போல ஆகிவிடும்.

நம் ஆளிடம் 6-ஆம் தேதிக்குப் பிறகு, 7-ஆம் தேதி மேனேஜர் ஒருமுறை வாயால் சொல்லியிருக்கிறார். அதைத் தன் டைரியில் ஒரு வரி எழுதியும் வைத்திருக்கிறார். அந்த ஒரு வரி பின்னால் மிகவும் பயன்படும். 25-ஆம் தேதி மறுபடியும் கூப்பிடுகிறார். ரிசப்ஷனில் அல்ல, ஷிப்ட் முடிந்த பிறகு ஆபீஸ் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

"உக்காருங்க தம்பி. இந்த மாசம் அஞ்சு நாள் லேட்டு. தேதியெல்லாம் இதுல இருக்கு, நீங்களே பாருங்க. ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க."

"ஒம்பதாம் தேதியும் கணக்குல வரும்னு நெனச்சேன் சார்."

"அது மெஷின் தப்பு. எடுத்தாச்சு. பன்னெண்டாம் தேதியும் எடுத்தாச்சு, மொத நாள் ராத்திரி நாங்கதான் ஒங்கள நிறுத்தி வச்சோம்."

இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் தோள் கொஞ்சம் தளர்வதைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் உண்மைக் காரணமாக இருக்கும். நம் ஆள் சொல்வது: "அஞ்சு மணிக்கு வர்ற பஸ் ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல சார். அதை விட்டா அடுத்த பஸ்ல ஏறி, பெரியார்ல எறங்கி நடந்து வர்றதுக்குள்ள ஆறரை ஆயிடுது."

இங்கே மேனேஜர் கேட்க வேண்டியது, "அப்ப என்ன செஞ்சா ஆறு மணிக்கு வர முடியும்?" என்பதுதான். ஷிப்ட் மாற்றலாமா என்று பேசிப் பார்க்கிறார்கள். மதிய ஷிப்ட் என்றால் இரவு பத்து மணிக்கு மேல் ஊர் திரும்பச் சிரமம் என்கிறார். காலை ஷிப்ட்டுக்கு முந்தைய இரவுகளில் மாடியில் உள்ள ஊழியர் அறையில் தங்கிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்கிறார். வாரத்தில் மூன்று நாள் தங்க ஒப்புக்கொள்கிறார், மற்ற நாட்களுக்கு ஊர்க்காரர் ஒருவரின் பைக்கில் வருவதாகச் சொல்கிறார். பஸ் தாமதம் என்றால் 5.30-க்குள் ரிசப்ஷனுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் முடிவாகிறது.

அன்றே ஒரு சின்ன மெமோ போகிறது. ஐந்து தேதிகள், நேரங்கள், "இதற்கான உங்கள் விளக்கத்தை 28-2-2026-க்குள் எழுத்தில் தரவும்", அவ்வளவுதான். மெமோவில் வேறு எதுவும் வேண்டாம். எழுதத் தயங்குபவராக இருந்தால் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம். வட மாநிலத்திலிருந்து வந்து ஹவுஸ்கீப்பிங்கில் வேலை செய்பவர்களுக்குத் தமிழ்த் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது கூடாது. அவருக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதியும் கொடுக்க வேண்டும்.

கடிதம்

விளக்கம் வந்துவிட்டது. பஸ் பிரச்சினை உண்மைதான், ஆனால் ஒரு நாள்கூடப் போன் செய்யவில்லை. 7-ஆம் தேதி சொன்ன பிறகும் மூன்று முறை நடந்திருக்கிறது. எனவே எச்சரிக்கை தேவை என்று முடிவெடுக்கிறோம். ஹோட்டலின் லெட்டர்ஹெட்டில் ஒரே பக்கத்தில் இப்படி:

> நாள்: 2-3-2026
>
> பெறுநர்: திரு. ………, ரிசப்ஷன் உதவியாளர், பணியாளர் எண் ………
>
> பொருள்: பணிக்குத் தாமதமாக வருதல் – முதல் எழுத்துவழி எச்சரிக்கை
>
> பார்வை: 25-2-2026 நாளிட்ட மெமோ, 28-2-2026 நாளிட்ட உங்கள் விளக்கம்
>
> உங்கள் காலை ஷிப்ட் 6.00 மணிக்குத் தொடங்குகிறது. 6.10 வரை சலுகை உண்டு. பிப்ரவரி மாதத்தில் கீழ்க்கண்ட நாட்களில் நீங்கள் அதற்குப் பின் பணிக்கு வந்துள்ளீர்கள்: 3-ஆம் தேதி 6.18, 6-ஆம் தேதி 6.29, 16-ஆம் தேதி 6.25, 20-ஆம் தேதி 6.22, 24-ஆம் தேதி 6.46. இந்த நேரங்கள், வருகைப் பதிவு மெஷினின் 6 நிமிடப் பிழையைக் கழித்தும், ஷிப்ட் ஒப்படைப்பு நோட்டுடன் ஒப்பிட்டும் எடுக்கப்பட்டவை. 9 மற்றும் 12-ஆம் தேதிகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.
>
> இது குறித்து 7-2-2026 அன்று மேனேஜர் உங்களிடம் நேரில் பேசினார். அதன் பிறகு மூன்று முறை தாமதம் நேர்ந்துள்ளது.
>
> இந்த நாட்களில் இரவு ஷிப்ட் ஊழியர், நீங்கள் வரும் வரை பணியில் தொடர வேண்டியிருந்தது. 24-ஆம் தேதி அவர் 6.55 மணிக்குத்தான் கல்லாவை ஒப்படைக்க முடிந்தது.
>
> பஸ் உரிய நேரத்தில் வராததே காரணம் என்ற உங்கள் விளக்கத்தைப் பரிசீலித்தோம். அந்தச் சிரமத்தை ஏற்கிறோம். ஆயினும் இந்த ஐந்து நாட்களில் ஒரு நாள்கூட முன்கூட்டித் தகவல் தரப்படவில்லை என்பதால், விளக்கத்தை முழுமையாக ஏற்க இயலவில்லை. எனவே உங்களுக்கு இந்த எச்சரிக்கை வழங்கப்படுகிறது.
>
> மார்ச் 3 முதல் மார்ச் 31 வரை நீங்கள் காலை ஷிப்ட் நாட்களில் 6.00 மணிக்குப் பணியில் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமாகும் என்றால் 5.30 மணிக்குள் ரிசப்ஷனுக்குப் போனில் தெரிவிக்க வேண்டும். உங்களுடன் பேசி ஒப்புக்கொண்டபடி, காலை ஷிப்ட்டுக்கு முந்தைய இரவில் ஊழியர் அறையில் தங்கிக்கொள்ளலாம். இதற்குக் கட்டணம் இல்லை. ஏப்ரல் 1 அன்று உங்கள் வருகைப் பதிவை உங்களுடன் அமர்ந்து பார்ப்போம்.
>
> இந்தக் காலத்தில் தகுந்த காரணமின்றி மீண்டும் தாமதம் நேர்ந்தால், உங்களிடம் விளக்கம் கேட்டு, நிறுவன விதிகளின்படி அடுத்த கட்ட ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.
>
> இந்தக் கடிதத்தில் உள்ள விவரங்களில் உங்களுக்கு மறுப்பு இருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தரலாம். அது இக்கடிதத்துடன் உங்கள் கோப்பில் வைக்கப்படும். புதிய தாமதம் இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பின் இந்த எச்சரிக்கை கணக்கில் கொள்ளப்படாது.
>
> (ஒப்பம்) மேனேஜர்
>
> கடிதத்தின் பிரதியைப் பெற்றுக்கொண்டேன். கையெழுத்து: ……… நாள்: ………

ஆறு மாதம், ஏழு நாள் என்பவை சட்டம் சொன்ன கணக்கல்ல, நிறுவனம் தனக்கு வைத்துக்கொள்ளும் விதி. உங்கள் ஹோட்டலுக்கு வேறு கணக்கு சரிப்படும் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்காக இருக்கட்டும்.

எதை எழுதவில்லை என்று பாருங்கள்

இந்தக் கடிதத்தில் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "பொறுப்பற்ற", "சோம்பேறித்தனமான", "அலட்சியப் போக்கு", "பலமுறை சொல்லியும் திருந்தாமல்" போன்றவை வழக்கமான மாதிரிகளில் முதல் வரியிலேயே வந்துவிடும். அவை வேண்டாம் என்று நான் சொல்வது இரக்கத்தால் மட்டுமல்ல. 6.46-க்கு வந்தார் என்பதை அவரால் மறுக்க முடியாது. அலட்சியமாக இருந்தார் என்பதை மறுக்க முடியும், மறுப்பார். நிரூபிக்க முடியாத ஒன்றை எழுதி, நிரூபித்த ஒன்றையும் வீணாக்கிக்கொள்கிறோம்.

"எப்போதும்", "தினமும்" என்று எழுதுவதும் இதே வகைதான். பிப்ரவரியில் மற்ற வேலை நாட்களில் அவர் நேரத்துக்கு வந்திருக்கிறாரே. "உங்களால் ஹோட்டலின் நற்பெயர் கெடுகிறது" என்பதற்கும் எந்த விருந்தினர் எப்போது புகார் சொன்னார் என்று காட்ட வேண்டியிருக்கும். புகார் இருந்தால் தேதியோடு எழுதுங்கள். இல்லையென்றால் இரவுக்காரர் 6.55 வரை நின்றார் என்பதே போதும், அது யார் மனதிலும் தைக்கும். அப்புறம், குடும்பத்தை இழுக்காதீர்கள். "குடும்பச் சூழ்நிலை கருதி மன்னிக்கிறோம்" என்பதுகூட ஒரு குத்தல்தான்.

விளிப்பைப் பொறுத்தவரை "நீங்கள்" போதும். நேரில் "தம்பி", "நீ" என்று அழைத்துப் பழகியிருந்தாலும் தாளில் நீங்கள்தான். "தாங்கள்" என்று ஆரம்பித்தால் எச்சரிக்கைக் கடிதத்தில் அது நக்கல் போல ஒலிக்கும்.

கடைசியாக, "இனி ஒருமுறை தாமதமானால் முன்னறிவிப்பின்றி வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்" என்ற வரி. இதை எழுதாத மேனேஜரைப் பார்ப்பது அரிது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கு ஈடான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. தவறான நடத்தைக்காக நோட்டீஸ் இல்லாமல் நீக்குவதென்றால் விசாரணை நடத்தி, அதில் ஆதாரம் பதிவாகியிருக்க வேண்டும். ஹோட்டல்களுக்கென்று 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டமும் தனியாக இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு எது எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டிவிட்டு அடுத்த முறை செய்யாமல் விட்டால், அதற்கப்புறம் நீங்கள் எழுதும் எந்தத் தாளுக்கும் மதிப்பிருக்காது.

அதற்காகத் தாமதம் சின்ன விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். பெரிய நிறுவனங்களுக்கான 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் மாதிரி நிலையாணைகளில், வழக்கமாகவே தாமதமாக வருவது தவறான நடத்தைகளின் பட்டியலில் இடம்பெற்றது. சின்ன ஹோட்டலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு நாள் தாமதம் குற்றமல்ல, வழக்கமாகிவிட்ட தாமதம்தான் குற்றம். அந்த வழக்கத்தைக் காட்டுவது தேதிகளின் வரிசை மட்டுமே.

சம்பளத்தில் கை வைப்பதற்கு முன்

"மூணு லேட்டுக்கு அரை நாள் சம்பளம் கட்" என்பது பல ஹோட்டல்களில் எழுதாத சட்டம். எழுதிய சட்டம் வேறு மாதிரி. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடா சட்டமும், அதன் இடத்துக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், வேலைக்கு வராத நேரத்துக்குப் பிடித்தம் செய்யலாம், ஆனால் வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. நம் ஆளின் மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாள் கணக்கில் நாளுக்கு 600, எட்டு மணி நேரத்தில் மணிக்கு 75 ரூபாய். ஐந்து நாளில் 140 நிமிடத்துக்கு 175 ரூபாய் வருகிறது. அரை நாள் என்று வெட்டினால் 300. மிச்ச 125 ரூபாய் பிடித்தமல்ல, அபராதம்.

அபராதத்துக்குத் தனி விதி. எந்தச் செயலுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதல் பெற்று, அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். அபராதம் போடும் முன் காரணம் கேட்க வேண்டும். அந்தச் சம்பளக் காலத்துக்கான ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 15,600-க்கு அது 468 ரூபாய். அறிவிப்பு ஒட்டாத ஹோட்டலில் ஒரு ரூபாய் அபராதமும் செல்லாது. என் கருத்தைக் கேட்டால், எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கும் மாதத்தில் பணத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. பிடித்தே ஆக வேண்டும் என்றால் 175-ஐச் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள், கடிதத்தோடு கலக்காதீர்கள்.

கையில் கொடுப்பது

ஷிப்ட் தொடங்கும்போது கொடுத்தால் எட்டு மணி நேரமும் அந்த முகத்தோடுதான் விருந்தினரை வரவேற்பார். ஷிப்ட் முடிந்த பின் ஆபீஸ் அறையில் கொடுங்கள். படிக்க நேரம் கொடுங்கள். ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போடுவதும், டைம் ஆபீஸ் பலகையில் ஒட்டுவதும் கடிதத்தை அவமானமாக மாற்றிவிடும். அப்படிச் செய்தால் இவ்வளவு கவனமாக எழுதியதற்கு அர்த்தமே இல்லை.

பலர் கையெழுத்துப் போட மறுப்பார்கள், போட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். "இது கடிதம் கைக்கு வந்ததுக்கு மட்டும்தான் தம்பி. ஒத்துக்கலன்னா கீழயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். அப்படியும் மறுத்தால் சண்டை வேண்டாம். உடனிருந்த இரண்டு பேர் முன்னிலையில், "படித்துக் காட்டப்பட்டது, பெற மறுத்தார்" என்று தேதி, நேரத்தோடு பிரதியில் எழுதி, அந்த இருவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ரசீதையும், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் கோப்பில் வையுங்கள். சாட்சிக் கையெழுத்துக்குச் சக ரிசப்ஷன்காரரைக் கூப்பிடாதீர்கள். முக்கியமாக, அந்த இரவு ஷிப்ட்காரரைக் கூப்பிடவே கூடாது. நாளைக்கும் அவர்கள் இருவரும் ஒரே கல்லாவை மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள்.

மார்ச் மாதம்

கடிதம் கொடுத்த பிறகு நம் பக்கம் இரண்டு கடமை இருக்கிறது. மெஷின் நேரத்தைச் சரி செய்வது, ஊழியர் அறையில் அவருக்கு உண்மையிலேயே ஒரு கட்டில் காலியாக வைப்பது. மாடி அறையில் காய்கறி மூட்டையை அடுக்கிவைத்துவிட்டு, "தங்கச் சொன்னோமே" என்று சொல்ல முடியாது.

மார்ச் நடுவே ஒரு நாள் 5.20-க்குப் போன் வருகிறது, பஸ் வரவில்லை என்று. 6.20-க்கு வந்து சேர்கிறார். இது தாமதம்தான், ஆனால் கடிதம் கேட்டதை அவர் செய்திருக்கிறார். அதை மீறலாக எண்ணாமல், "முன்கூட்டித் தெரிவித்தார்" என்று வருகைப் பதிவில் குறித்துவிடுங்கள். ஆனால் இந்தப் போன் வாரத்துக்கு மூன்று முறை வரத் தொடங்கினால் கதை வேறு. அப்போது தங்கும் ஏற்பாட்டை மறுபடி பேச வேண்டும்.

ஏப்ரல் 1 அன்று சொன்னபடி உட்காருங்கள். ஆட்கள் மறக்காமல் நினைவில் வைத்திருப்பார்கள், நாம்தான் சித்திரைத் திருவிழா முன்பதிவுகளில் மூழ்கி மறந்துவிடுவோம். ஒழுங்காக வந்திருந்தால் கோப்பில் ஒரு வரி: "மார்ச் மாத வருகை பார்க்கப்பட்டது. முன்தகவலுடன் ஒரு தாமதம். மேல் நடவடிக்கை தேவையில்லை." அதன் பிரதியை அவருக்கும் கொடுங்கள். வந்திருக்கவில்லை என்றால், மறுபடியும் பதிவேட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தொடங்கி, புதிய தேதிகளோடு புதிய மெமோ, புதிய விளக்கம். இரண்டாவது எச்சரிக்கையின் பார்வை வரியில் 2-3-2026 கடிதத்தைக் குறிப்பிட வேண்டும். பிப்ரவரித் தேதிகளை மறுபடி பட்டியலிட வேண்டாம், அவற்றுக்கு ஏற்கனவே ஒரு கடிதம் கொடுத்தாகிவிட்டது.